போனில் எடுத்த வீடியோவில் சத்தம் ஏன் பிந்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் கூத்து அரங்கேற்றம், கோயில் சடங்கு, கல்யாண வீடு என்று ஆட்கள் போனில் எடுத்து வருகிற வீடியோக்களை எடிட் பண்ணிக் கொடுக்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகளும் சந்தேகம் கேட்பார்கள். சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: எடிட் பண்ணப் போட்டால் சத்தமும் படமும் ஒட்டவில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரேயொரு பதிவை எடுத்துக்கொள்கிறேன். படுவான்கரை ஊர் ஒன்றில் இரவில் நடந்த வடமோடிக் கூத்து அது. ஒரு தம்பி போனில் 40 நிமிடம் நிற்பாட்டாமல் எடுத்தது.

அண்ணன், போனில பாக்கக்குள்ள சத்தம் சரியா இருக்கு. கொம்பியூட்டரில எடிட் பண்ணப் போட்டா மட்டும் பிந்துது. போன் பழுதா, கொம்பியூட்டர் பழுதா?

இரண்டும் நல்லாத்தான் இருக்கின்றன. போன் படம் பிடிக்கும்போது ஒவ்வொரு பிரேமுடனும் அது காட்டப்பட வேண்டிய நேரத்தையும் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. போனில் பார்க்கும்போதும் வி.எல்.சி. போன்ற பிளேயரில் பார்க்கும்போதும் அந்த நேரக்குறிப்பைப் பார்த்துத்தான் பிரேம் திரைக்கு வருகிறது. அதனால் பிரேம்களுக்கு நடுவில் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

எடிட் பண்ணும் மென்பொருளின் டைம்லைன் வேறு மாதிரி. அது ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. 30 பிரேம் டைம்லைன் என்றால் செக்கனுக்கு 30 கட்டம். கோப்பில் உள்ள நேரத்தைப் பாராமல், பிரேம்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டத்துக்கு ஒன்று என்று அடுக்கிக்கொண்டு போகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படி அடுக்கும்போது எங்காவது பிரேம் குறைவாக இருந்தால், பின்னால் வர வேண்டிய படம் முன்னுக்கு வந்துவிடும். சத்தம் தன் இடத்திலேயே நிற்கும். படம் முந்திப் போனதைத்தான் நாம் சத்தம் பிந்துகிறது என்று சொல்கிறோம்.

30 எண்டுதானே செட்டிங்கில போட்டிருக்கன்? மறுகா எப்பிடி அது மாறும்?

அந்த 30 போன் எட்டப் பார்க்கிற எண். அதைக் கட்டாயம் காப்பாற்றுவேன் என்று போன் உறுதி தரவில்லை. மாற வைப்பது பெரும்பாலும் வெளிச்சம்தான். செக்கனுக்கு 30 பிரேம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கிற நேரம் செக்கனில் 30இல் ஒரு பங்கு. அதைவிடக் கூடுதலான நேரம் சென்சார் வெளிச்சத்தை வாங்க முடியாது, ஏனென்றால் அடுத்த பிரேம் வந்துவிடும். வளவுக்குள் வெளிச்சம் குறைந்ததும் போன் படத்தைக் கருக்க விடாமல், செக்கனுக்கு 24 பிரேம் என்று இறங்கிக்கொள்கிறது. சில போன்கள் இன்னும் கீழே இறங்கும். பிரேம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் வாங்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். வெளிச்சம் திரும்ப வந்ததும் 30க்கு ஏறிவிடும்.

போன் சூடேறினாலும், மெமரிக்கு எழுதுவது தாமதமானாலும் இடைக்கிடை ஒன்றிரண்டு பிரேம் விடுபடும். ஆனால் செக்கன் கணக்கில் பிந்துகிற பதிவுகளில் நான் கண்டது இருட்டுத்தான்.

அப்ப சத்தம் மட்டும் ஏன் மாறல்ல?

மைக்குக்கு வெளிச்சம் தேவையில்லை. போன் பெரும்பாலும் செக்கனுக்கு 48,000 தடவை என்று ஒலியை அளந்து எழுதுகிறது. இருட்டோ வெளிச்சமோ, அந்த எண்ணிக்கை அப்படியே போகும். ஆகவே ஒரு போன் பதிவில் நேரத்துக்கு நம்பக்கூடிய சாட்சி சத்தம்தான். பிறகு வரும் பதில்களில் பிரேம் போனதைத் திருத்தும்போது சத்தத்தை இழுக்கவோ சுருக்கவோ மாட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

என்ட வீடியோவில இதுதான் பிரச்சினை எண்டு எப்பிடித் தெரிஞ்சு கொள்றது?

MediaInfo என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, படப் பகுதியில் `Frame rate mode` என்ற வரியைப் பாருங்கள். `Constant` என்றிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். `Variable` என்றிருந்தால் அதற்குக் கீழே உள்ள சராசரி, `Minimum frame rate`, `Maximum frame rate` மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். போன் கோப்புகளில் அனேகமானவை `Variable` என்றுதான் காட்டும், அதைப் பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். சராசரி 30ஐ ஒட்டி, 29.99 என்ற அளவில் இருந்தால் ஐந்து நிமிடக் கிளிப்பில் பெரிதாகத் தெரியாது. சராசரி 29.9க்கு இறங்கி, பதிவும் நீளமாக இருந்தால் கட்டாயம் தெரியும்.

எண்ணிக்கையாகப் பார்க்க விரும்புகிறவர்கள், கட்டளை அடித்து ஓட்டுகிற ffmpeg என்ற இலவச மென்பொருளுடன் வரும் ffprobe ஐப் பயன்படுத்தலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,duration,nb_frames -of default=nw=1 koothu.mp4
```

அந்தக் கூத்துக் கோப்புக்கு வந்த விடை இது:

```
r_frame_rate=30/1
avg_frame_rate=2393/80
duration=2400.000000
nb_frames=71790
```

40 நிமிடம் என்றால் 2,400 செக்கன். செக்கனுக்கு 30 வீதம் 72,000 பிரேம் இருக்க வேண்டும். இருப்பது 71,790. ஆக 210 பிரேம் குறைவு. 210ஐ 30ஆல் பிரித்தால் 7. எடிட்டில் கூத்தின் முடிவில் சத்தம் சரியாக 7 செக்கன் பிந்தியது. மென்பொருளில் தெரியும் அடையாளமும் இதுவே: டைம்லைனில் படம் முடிந்த பிறகும் ஒலிப்பட்டை 7 செக்கன் வாலாக நீண்டு கொண்டிருந்தது. அந்த வாலைக் கண்டால் வேறு சோதனையே வேண்டாம்.

210 பிரேமும் கொஞ்சம் கொஞ்சமா எல்லா இடத்திலயும் காணாமல் போனதா, ஒரே இடத்திலயா?

இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் நீளத்தையும் வரிவரியாக எழுதி எடுக்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries packet=pts_time,duration_time -of csv=p=0 koothu.mp4 > neram.csv
```

அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்தால் இரண்டு பத்தி வரும். இரண்டாவது பத்தியில் 0.0333 என்று ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. 900ஆவது செக்கனில், அதாவது 15ஆவது நிமிடத்தில், அது 0.0417 ஆக மாறியது. அது 24இல் ஒரு பங்கு. 935ஆவது செக்கனில் திரும்பவும் 0.0333. நடுவில் இருந்தது 35 செக்கன் மட்டும். அந்த 35 செக்கனில் செக்கனுக்கு 6 பிரேம் வீதம் குறைந்து 210 பிரேம் போயிருக்கிறது.

வீடியோவில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். களரியின் ஒரு பக்கத்து லைட் வரிசை அணைந்து, ஆட்கள் வயரைப் பிடித்துச் சரி செய்கிற நேரம் அது. ஆட்டம் நிற்கவில்லை. அண்ணாவியார் மத்தளத்தை விடாமல் அடிக்கிறார், அரசன் வரவு ஆடிக்கொண்டிருக்கிறார். 15ஆவது நிமிடம் வரை மத்தளத்தின் அடியும் சதங்கைக் காலும் ஒரே நேரத்தில் விழுகின்றன. லைட் அணைந்த இடத்திலிருந்து ஐந்து செக்கன் ஓடினால் ஒரு செக்கன் பிந்துகிறது. லைட் வந்த பிறகு பிந்துவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி 24 நிமிடமும் அதே 7 செக்கன்தான். படிப்படியாகக் கூடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் உண்மையில் அது வெளிச்சத்தைப் பின்பற்றி இடையிடையே தாவுகிறது.

எனக்குத் தொடக்கமும் சரி, முடிவும் சரி. நடுவில மட்டும் சத்தம் ஒத்து வருதில்ல. இது வேற வருத்தமா?

அதே வருத்தம்தான், மென்பொருள் மட்டும் வேறு கணக்குப் போடுகிறது. சில மென்பொருள்கள் கோப்பின் சராசரி வேகத்தை எடுத்து, முழு வீடியோவையும் அந்த வேகத்தில் ஓட்டும். நம் கூத்துக்குச் சராசரி 29.9125. அந்த வேகத்தில் 71,790 பிரேமும் ஓடினால் சரியாக 2,400 செக்கன் வரும். அதனால் ஒலிப்பட்டைக்கு வால் இருக்காது, முடிவும் பொருந்தும்.

ஆனால் முதல் 15 நிமிடம் உண்மையில் 30இல் எடுத்தது. அதை 29.9125இல் ஓட்டினால் படம் மெல்ல மெல்லப் பிந்தி, 15ஆவது நிமிடத்தில் 2.6 செக்கன் பின்னால் நிற்கும். இருட்டுப் பகுதி 24இல் எடுத்தது. அதையும் 29.9125இல் ஓட்டும்போது படம் ஓட்டமாக ஓடி, 35 செக்கன் முடிவில் சத்தத்தை விட 4.3 செக்கன் முந்திவிடும். பிறகு மிச்ச 24 நிமிடத்தில் ஆறுதலாகக் குறைந்து, முடிவில் சமமாகும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்து வீடியோவைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பிழை வீட்டுக்காரரின் டிவியில்தான் தெரியவரும். ஆகவே நடுவில் மூன்று நான்கு இடமாவது மத்தள அடியைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

சத்தத்த 7 செக்கன் குறைச்சு, படத்துக்குச் சமனா இழுத்து விட்டா சரிவராதா? யூடியூப்பில அப்பிடித்தான் சொல்றாங்க.

முழு ஒலியையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால், முந்திய பதிலில் சொன்ன அதே நிலைமைதான் வரும்: இரண்டு முனையும் பொருந்தும், 15ஆவது நிமிடத்தில் 2.6 செக்கனும் அதற்குப் பிறகு மறுபக்கமாக 4.3 செக்கனும் விலகும். பிரேம் போனது ஒரு 35 செக்கனில். அதை 40 நிமிடத்துக்கும் பங்கு போட்டால் நன்றாக இருந்த இடமும் கெடும். போதாததற்கு, நம்பக்கூடிய ஒரே சாட்சியான சத்தத்தையும் கெடுத்திருப்பீர்கள்.

அப்ப என்னதான் செய்யோணும்? கட்டளை எல்லாம் அடிக்கத் தெரியாது.

எடிட்டுக்குப் போட முதல் கோப்பை ஒரே சீரான பிரேம் வேகத்துக்கு மாற்ற வேண்டும். HandBrake இலவசம், விண்டோஸிலும் மக்கிலும் ஓடும். கோப்பைத் திறந்து `Video` பக்கத்துக்குப் போங்கள். `Framerate (FPS)` என்ற இடத்தில் `Same as source` என்றிருக்கும், அதை `30` ஆக்குங்கள். அதற்குக் கீழே `Constant Framerate` ஐத் தெரிவு செய்யுங்கள். தரத்துக்குரிய `RF` ஐ 16 அல்லது 18இல் வைத்து ஓட விடுங்கள்.

எண்ணைக் கையால் தெரிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. `Same as source` இல் விட்டுவிட்டு `Constant` ஐ மட்டும் அமத்தினால் 29.91 போன்ற ஒரு சராசரி எண் வந்து சேரலாம். சத்தம் ஒட்டும், ஆனால் 30 டைம்லைனில் போடும்போது இடைக்கிடை படம் ஒரு தட்டுத் தட்டும்.

மாற்றும்போது நடப்பது இவ்வளவுதான்: HandBrake நேரக்குறிப்பை வாசித்து, பிரேம் இல்லாத கட்டங்களுக்கு முந்திய பிரேமை இன்னொரு முறை வைக்கிறது. நம் கூத்தில் இருட்டு 35 செக்கனில் நான்கு பிரேமுக்கு ஒன்று வீதம் 210 பிரேம் இரண்டு தரம் வந்தது. மொத்தம் 72,000 ஆனது. மாற்றிய கோப்பை MediaInfo இல் திறந்து `Constant` என்று வருகிறதா என்று பார்த்த பிறகே எடிட்டுக்குப் போடுங்கள்.

எனக்கு ffmpeg தெரியும். -r 30 குடுத்தன், கோப்பு Constant எண்டுதான் வருது, ஆனா சத்தம் இன்னும் பிந்துது. ஏன்?

`-r 30` ஐ `-i` க்கு முன்னால் எழுதியிருப்பீர்கள். உள்ளே வரும் கோப்புக்கு முன்னால் அதை எழுதினால், நேரக்குறிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு பிரேம்களை 30 என்று எண்ணு என்று அர்த்தம். எடிட் மென்பொருள் செய்கிற அதே பிழையை நீங்களே செய்து, கோப்பிலும் நிரந்தரமாக்கிவிடுகிறீர்கள். பிறகு MediaInfo இலும் அது `Constant` என்றே காட்டும், பிழை பிடிபடாது. மூலக் கோப்பை அழித்திருக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்:

```
ffmpeg -i koothu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 17 -preset fast -c:a pcm_s16le -ar 48000 koothu_cfr.mov
```

`-c copy` போட்டு வேகமாக முடிக்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பிரேம்களை உள்ளபடியே இன்னொரு கோப்புக்குள் தூக்கி வைக்கும், புதிய பிரேமைச் சேர்க்காது. பிந்துவது அப்படியே இருக்கும்.

இப்பிடி மாத்தினா தரம் குறையாதா?

படம் திரும்பவும் சுருக்கப்படுகிறது, ஆகவே கணக்குப்படி குறையும். மேலே சொன்ன 17, 18 அளவில் கண்ணுக்குப் பிடிபடாது. விலை இடத்தில்தான்: கோப்பு மூலத்தை விடப் பெரிதாகலாம், டிஸ்கில் இரண்டு மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை வேலை முழுக்க முடிந்து ஆள் வாங்கிக்கொண்டு போகும்வரை அழிக்காதீர்கள். நேரக்குறிப்பு இருப்பது அதில் மட்டும்தான்.

எங்கட ஸ்டூடியோவில எல்லாம் 25. போன் வீடியோவ 25க்கு மாத்தலாமா?

மாற்றினால் சத்தம் ஒட்டும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் 30இல் எடுத்ததை 25 ஆக்கும்போது ஆறு பிரேமுக்கு ஒன்று வீதம் தூக்கி எறியப்படும். மேடைப் பேச்சில் அது தெரியாது. கூத்தில் கால் சுழன்று போகிற இடத்தில் சதங்கைக் கால் வெட்டி வெட்டிப் போவது போல் தெரியும். எல்லாமே போனில் எடுத்ததென்றால் டைம்லைனையே 30இல் வையுங்கள். ஸ்டூடியோக் கமெராவும் கலந்து 25இல்தான் முடிக்க வேண்டுமென்றால், போனையும் தொடக்கத்திலேயே 25இல் எடுங்கள். ஐபோனில் `Record Video` பகுதியில் `Show PAL Formats` ஐப் போட்டால் 25 வரும்.

எடிட் முழுக்க முடிச்சிட்டன் அண்ணன். நாளைக்குக் குடுக்கோணும். இப்ப மாத்தின கோப்பப் போட்டா வெட்டினதெல்லாம் குழம்புமே?

குழம்பும். பிரேம் எண்கள் மாறிவிடுவதால் இருட்டுக்குப் பின்னால் உள்ள வெட்டெல்லாம் 7 செக்கன் தள்ளிப் போகும். அதனால் கோப்பை மாற்றாமல், பிரேம் போன இடத்தைத் தேடித் திருத்துவோம். உங்கள் மென்பொருள் பிரேமை 30 என்று எண்ணுகிறதா, அதாவது ஒலிப்பட்டைக்கு வால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த வழி அதற்குத்தான்.

வெட்டாத நீளமான துண்டென்றால் படத்தையும் ஒலியையும் பிரித்துக்கொள்ளுங்கள். இருட்டு 15:00இல் தொடங்குகிறது. அந்தப் பகுதியில் 840 பிரேம் இருக்கிறது, 30 வீதம் டைம்லைனில் அது 28 செக்கன். ஆகவே படத்தை 15:00இலும் 15:28இலும் வெட்டுங்கள். நடுத்துண்டின் வேகத்தை நூற்றுக்கு 80 வீதம் ஆக்குங்கள். 28 செக்கன் 35 ஆகும், பின்னால் உள்ள படம் 7 செக்கன் தள்ளிப் போய் ஒலியோடு சேரும். 80 என்பது குத்துமதிப்பில் வந்த எண் அல்ல, 24ஐ 30ஆல் பிரித்தது. உங்கள் போன் 20க்கு இறங்கியிருந்தால் அந்த வீதம் 67 வரும்.

சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அடுக்கியிருந்தால் வேலை இன்னும் சுகம். இருட்டுக்கு முன்னால் எடுத்த துண்டுகளைத் தொட வேண்டாம். பின்னால் எடுத்த ஒவ்வொரு துண்டிலும் ஒலியைப் பிரித்து, அதன் உள்ளடக்கத்தை மட்டும் மூலத்தில் 7 செக்கன் பிந்திய இடத்திலிருந்து தொடங்கும்படி நகர்த்துங்கள். இருட்டுக்குள் எடுத்த துண்டு ஒன்றிரண்டுதான் இருக்கும், அவற்றைத் தனியே பாருங்கள்.

இது வெளிச்சம் ஒரு இடத்தில் மட்டும் போன பதிவுக்கு நல்லது. லைட் மாறி மாறி எரிகிற கல்யாண வரவேற்பு மாதிரியான பதிவில் இருபது இடத்தில் பிரேம் போயிருக்கும். அதற்கு மாற்றிய கோப்பைப் போட்டுத் திரும்ப வெட்டுவதுதான் விரைவு.

நானா, நாங்க ரெண்டு போன்ல எடுத்து, சத்தத்துக்கு ரெக்கோடர் தனியா வெச்சம். மூணும் மூணு மாதிரி ஓடுது.

அங்கே இரண்டு பிழை ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது. முதலில் இரண்டு போன் கோப்புகளையும் மேலே சொன்னபடி சீராக மாற்றுங்கள். மாற்றாமல் எந்தச் சேர்ப்பு வேலையும் தொடங்க வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு போனும் தான் நின்ற மூலையின் வெளிச்சத்துக்கு ஏற்ப வேறு வேறு இடத்தில் பிரேமை விட்டிருக்கும்.

அதன் பிறகு ஒரு கைதட்டலையோ மத்தளத்தின் முதல் அடியையோ வைத்து மூன்றையும் பொருத்துங்கள். ஒரு மணித்தியாலம் தள்ளி இன்னொரு அடியைப் பாருங்கள். அங்கே ஒரு செக்கனில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவு விலகியிருக்கலாம். அது கருவிகளின் கடிகாரங்கள் அச்சொட்டாக ஒன்றல்ல என்பதால் வருவது, அது உண்மையிலேயே சீராகக் கூடும். 20ஆவது நிமிடத்தில் விலகியதைப் போல் 40ஆவது நிமிடத்தில் இரண்டு மடங்கு விலகும். இதற்கு மட்டும் ஒலியை இழுத்துச் சமன் செய்யலாம், அல்லது அமைதியான ஓரிடத்தில் வெட்டி நகர்த்தலாம். சீராகக் கூடினால் கடிகாரம், தாவினால் பிரேம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்ஸ்அப்பில அனுப்பின வீடியோவ வெச்சு இத செய்யலாமா?

வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம். ஆனால் வீடியோவாக அனுப்பும்போது அது ஒரு முறை சுருக்கப்பட்டு வருகிறது. எடுத்தவரிடம் கேட்டு, `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து ஊரென்றால் கேபிளைக் கொண்டுபோய் நேரே எடுப்பது இன்னும் நல்லது.

அடுத்த வருசச் சடங்குக்கு எடுக்கக்குள்ள இது வராமப் பண்ண என்ன வழி?

போன் தானாக வேகத்தைக் குறைக்க முடியாதபடி கையைக் கட்டிவிட வேண்டும். ஐபோனில் `Settings`, `Camera`, `Record Video` என்று போய் `Auto FPS` ஐ `Off` ஆக்குங்கள். அண்ட்ரொயிட்டில் புரோ வீடியோ முறை இருந்தால் ஷட்டரை 1/50இல் பூட்டுங்கள். ஷட்டர் பூட்டியிருந்தால் இருட்டிலும் போனுக்கு ஒரு பிரேமை நீட்ட முடியாது. படம் கருக்கும் அல்லது புள்ளி விழும், ஆனால் பிரேம் போகாது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50இல் லைட் மினுமினுப்பும் குறையும். புரோ முறை இல்லாத போனுக்கு Blackmagic Camera என்ற இலவசச் செயலி இருக்கிறது, எல்லா அண்ட்ரொயிட் போனிலும் ஓடாது.

இவை வெளிச்சத்தால் வருவதை நிறுத்தும், சூட்டால் வருவதை நிறுத்தாது. வைகாசி வெயிலில் பகல் சடங்கு எடுப்பதென்றால் போனின் உறையைக் கழற்றி, சார்ஜில் போடாமல், நிழலில் வைத்து எடுங்கள். எதைச் செய்தாலும் எடிட்டுக்கு முதல் MediaInfo இல் ஒரு தரம் பாருங்கள். முதல் நாள் இரவு அதே இடத்தில் ஐந்து நிமிடம் எடுத்து, நடுவில் ஒரு லைட்டை அணைத்துப் பார்த்தால் உங்கள் போன் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும்.

எல்லாம் செஞ்சாச்சு, கோப்பும் Constant. ஆனா தொடக்கத்திலேருந்து முடிவு மட்டும் ஒரே அளவா கொஞ்சம் பிந்துது. எண்ணிப் பாத்தா மூணு பிரேம்.

முதலில் புளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வயரில் கேளுங்கள். சத்தம் புளூடூத்தில் வந்து சேரவே நேரம் எடுக்கும், அது கோப்பில் இல்லாத பிழை.

வயரிலும் அதே மூன்று பிரேம் என்றால், களரியில் இருந்து எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். 35 மீற்றர் தள்ளி, சனத்துக்குப் பின்னால் நின்று சூம் பண்ணி எடுத்திருந்தால் மத்தளத்தின் சத்தம் உங்கள் மைக்குக்கு வர செக்கனில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அது 30இல் சரியாக மூன்று பிரேம். முழு ஒலியையும் மூன்று பிரேம் முன்னால் இழுத்து வையுங்கள்.